இருப்பாய்வை ஸ்கேனாக மட்டும் அனுப்பாதீர்கள்: ஆடிட்டர் அலுவலகங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆடிட்டர்களுக்கும், அவர்கள் அலுவலகங்களில் கோப்புகளை அனுப்பி வைக்கும் உதவியாளர்களுக்கும் வணக்கம்.

நான் சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறவன். ஒரு கடைக்காரர் ஆடிட்டரை மாற்றினாலோ, கணக்கை வேறு மென்பொருளுக்குக் கொண்டுபோக நினைத்தாலோ, பழைய அலுவலகத்திலிருந்து எனக்கு வருவது பெரும்பாலும் ஒரே ஒரு பி.டி.எஃப். கையெழுத்தும் முத்திரையும் இட்ட இருப்பாய்வின் ஸ்கேன் அது. டிரையல் பேலன்ஸ் என்று நாம் அன்றாடம் சொல்லும் அந்த மூன்று நான்கு பக்கங்களை டாலியில் தொடக்க இருப்புகளாக ஏற்றிவிடலாம் என்று நம்பித்தான் கொடுக்கிறார்கள். ஏற்றவும் முடிகிறது. ஆனால், ஏற்றப்பட்டது சரிதானா என்பதை அந்த ஸ்கேனை மட்டும் வைத்துக்கொண்டு உறுதி செய்வது நீங்கள் நினைப்பதைவிடக் கடினம். சென்ற ஆண்டு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அந்த அலுவலகத்தின் பெயர் இங்கே தேவையில்லை. குறை அவர்களுடையது மட்டுமல்ல, பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் விட்ட என்னுடையதும்தான்.

ஒரு ஹார்ட்வேர் கடை. 31-3-2025 தேதியிட்ட இருப்பாய்வு, மூன்று பக்கம். அச்சில் இரு பக்க மொத்தமும் 84,16,230. எழுத்துணரி மென்பொருள் அதைப் படித்து எக்ஸெல் தாளாக மாற்றித் தந்தது. நானும் என் உதவியாளரும் அதை ஒழுங்குபடுத்த உட்கார்ந்தோம்.

காகிதத்தில் இருப்பாய்வு ஒரு படம்போல அமைந்திருக்கும். மேலே தடித்த எழுத்தில் தொகுதியின் பெயர், அதற்கு நேரே அந்தத் தொகுதியின் கூட்டுத்தொகை, கீழே சற்று உள்தள்ளி ஒவ்வொரு கணக்கும். பற்றுக்கு ஒரு நிரல், வரவுக்கு ஒரு நிரல். ஒரு பெயர் கடனாளியா கடனீந்தோரா என்பதை அது எந்தத் தலைப்பின் கீழ் இருக்கிறது என்று பார்த்துத்தான் அறிகிறோம். மென்பொருளுக்கு அந்தப் பார்வை கிடையாது. அதற்கு ஒவ்வொரு வரியும் தனித்து நிற்க வேண்டும்: கணக்கின் பெயர், அது சேரும் தொகுதி, தொகை, பற்றா வரவா. டாலிபிரைம் 4.0 பதிப்பிலிருந்து எக்ஸெல் தாளையே நேரடியாக எடுத்துக்கொள்கிறது. அதற்கு முந்தைய பதிப்புகளுக்கு எக்ஸ்.எம்.எல். கோப்பாக்கிக் கொடுக்க வேண்டும். அதில் ஒரு கணக்கு இப்படி இருக்கும்:

```xml
<LEDGER NAME="Customer 11" ACTION="Create">
  <NAME>Customer 11</NAME>
  <PARENT>Sundry Debtors</PARENT>
  <OPENINGBALANCE>-41750.00</OPENINGBALANCE>
</LEDGER>
```

பற்று இருப்புக்குக் கழித்தல் குறி, வரவு இருப்புக்கு வெறும் எண். பள்ளியில் படித்த பழக்கத்தில் இதைத் தலைகீழாகப் போட்டுவிட்டால் மொத்தக் கணக்கும் புரண்டுவிடும். அப்போதும் இரு பக்கமும் சமமாகவே இருக்கும்.

இந்தச் சமம்தான் என் மடலின் மையம். இரு பக்கமும் ஒத்துப்போனால் சரி என்ற நம்பிக்கையில் நாம் எல்லாருமே வளர்ந்திருக்கிறோம். ஸ்கேனிலிருந்து ஏற்றும்போது அந்த நம்பிக்கை எங்கே உதவும், எங்கே கைவிடும் என்பதை இந்த ஒரே கடையில் பார்த்தேன்.

முதல் கூட்டலில் எக்ஸெல் காட்டியது 84 லட்சம் அல்ல, ஏறக்குறைய 1 கோடியே 68 லட்சம். பற்றிலும் அப்படி, வரவிலும் அப்படி. தொகுதிகளின் கூட்டுத்தொகை வரிகளும் கணக்குகளோடு சேர்ந்து கூடிவிட்டன, அதனால் ஏறக்குறைய இரண்டு மடங்கு. இரு பக்கத்தையும் ஒன்றோடொன்று மட்டும் ஒப்பிட்டிருந்தால் இது தெரிந்திருக்காது. அச்சில் உள்ள மொத்தத்தோடு ஒப்பிட்டதால் தெரிந்தது. கூட்டுத்தொகை வரிகளை நீக்குவதற்கு முன் அந்தத் தொகுதியின் பெயரைக் கீழுள்ள ஒவ்வொரு கணக்கின் அருகிலும் நிரப்பிக்கொண்டோம். நீக்கிய கூட்டுத்தொகைகளைத் தூக்கி எறியாமல் வேறொரு தாளில் வைத்தோம். பிறகு சரிபார்க்க அவைதான் கைகொடுக்கும்.

அடுத்த கூட்டலில் பற்று 83,79,830, வரவு 84,52,630. வித்தியாசம் 72,800. இப்படி ஒரு தொகை வந்தால், பழைய கணக்கர்கள் சொல்லித் தந்தபடி முதலில் பாதியாக்கித் தேட வேண்டும். பாதி 36,400. கடனீந்தோர் பட்டியலில் அந்தத் தொகை இருந்தது. சரக்கு வருவதற்கு முன் சப்ளையர் ஒருவருக்குக் கொடுத்த முன்பணம் அது. கடனீந்தோர் தொகுதிக்குள் பற்று இருப்போடு நின்ற ஒரே பெயர். அந்தப் பக்கத்தில் மற்ற எல்லாத் தொகைகளும் வரவு நிரலில் இருந்ததால், எழுத்துணரி இதையும் வரவுக்கே தள்ளிவிட்டது. காலியான ஒரு நிரலைத் தாண்டி நிற்கும் ஒற்றை எண்ணை அது அடிக்கடி இப்படிப் பக்கத்து நிரலில் சேர்த்துவிடுகிறது. இந்தப் பிழையைப் பிடித்துத் தந்தது சமம்தான், அதற்கு நன்றி சொல்ல வேண்டும். பிடிக்காமல் ஏற்றியிருந்தாலும் மென்பொருள் தடுத்திருக்காது. ஐந்தொகையில் `Difference in opening balances` என்று ஒரு வரியைச் சேர்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்திருக்கும். அந்த வரியை ஆண்டுக்கணக்கில் சுமக்கும் கணக்குகளைப் பார்த்திருக்கிறேன். சிலர் அதை அனாமத்துக் கணக்கில் போட்டு மூடிவிடுவதையும் பார்த்திருக்கிறேன்.

முன்பணத்தைப் பற்றுக்கு மாற்றியதும் இரு பக்கமும் 84,16,230. ஒவ்வொரு தொகுதியின் கூட்டுத்தொகையும் அச்சோடு பொருந்தியது. கடனாளிகள் தொகுதியில் 23 பெயர்கள், காகிதத்திலும் 23. நிம்மதியாக ஏற்றினோம்.

பத்து நாள் கழித்துக் கடைக்காரர் கூப்பிட்டார். 4,200 ரூபாய் பாக்கி வைத்திருந்த ஒரு கொத்தனாரிடம் போய் 18,650 கேட்டிருக்கிறார். பத்து ஆண்டுகளாக அந்தக் கடையில் சாமான் எடுப்பவர், மற்றவர்கள் முன்னிலையில் கேட்டதால் மனம் நொந்து போய்விட்டார்.

நடந்தது இதுதான். பதினொன்றாவது கடனாளி ஒரு கட்டட ஒப்பந்ததாரர். பெயர் நீளம், அச்சில் இரண்டு வரியாக மடிந்திருந்தது. எழுத்துணரி அதை இரண்டு பெயர்களாக எண்ணியது. பெயர் நிரலில் 24 வரி, தொகை நிரலில் 23. மடிந்த இரண்டாம் வரி, பன்னிரண்டாமவருடைய தொகையை எடுத்துக்கொண்டது. பன்னிரண்டாமவருக்குப் பதின்மூன்றாமவருடையது. இப்படியே கீழ்வரை ஒவ்வொன்றாக நகர்ந்து, கடைசிப் பெயருக்குத் தொகையே இல்லாமல் போனது. தொகை இல்லாததைக் கண்ட என் உதவியாளர், இருப்பு இல்லாத கணக்கு என்று எண்ணி அந்த வரியை நீக்கிவிட்டார். அதனால்தான் பெயர்களின் எண்ணிக்கையும் 23 ஆக ஒத்துப்போனது. பன்னிரண்டு பேருடைய இருப்பு தவறு. இருப்பினும் பற்றும் வரவும் சமம், தொகுதியின் கூட்டுத்தொகை சரி, எண்ணிக்கை சரி. கூட்டிப் பார்த்துச் செய்யும் எந்தச் சோதனையாலும் இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது.

அன்றிலிருந்து ஒவ்வொரு தொகுதியிலும் கடைசிப் பெயரையும் அதன் தொகையையும் காகிதத்தோடு வைத்துப் பார்க்கிறேன். வரி நகர்ந்திருந்தால் அது கடைசியில் வந்து நிற்கும். ஊர்ப் பெயரோ வெறும் “அண்ட் கோ”வோ மட்டும் உள்ள கணக்கு தென்பட்டால், மேலே ஒரு பெயர் மடிந்திருக்கிறது என்று பொருள். திருத்திய கோப்பை மீண்டும் ஏற்றும்போது, `Combine Opening Balances` என்ற தெரிவு இருந்தால் பழைய இருப்போடு புதியது கூடிவிடும். `Modify with new data` என்று மாற்றிய பிறகே ஏற்ற வேண்டும். அப்படி ஏற்றினாலும், மடிந்த வரியிலிருந்து பிறந்த போலிக் கணக்கு தானாகப் போகாது, கையால்தான் அழிக்க வேண்டும்.

இன்னொன்று, ஸ்கேனின் தெளிவோடு தொடர்பில்லாதது. மார்ச் 31 இருப்பாய்வில் இருக்கும் சரக்கு, ஆண்டின் தொடக்கச் சரக்கிருப்பு. இந்தக் கடையில் அது 11,20,000. ஆண்டு முடிவில் எண்ணிய சரக்கு 13,45,000. அது இருப்பாய்வுக்கு வெளியே, அடிக்குறிப்பாக இருக்கும், அல்லது ஐந்தொகையில் மட்டும் இருக்கும். ஏப்ரல் 1க்கான தொடக்க இருப்புக்கு வேண்டியது இந்த இரண்டாவது எண்தான். விற்பனை, கொள்முதல், சம்பளம் போன்ற வரிகளையெல்லாம் விட்டுவிட்டு, நிகர லாபத்தை மூலதனக் கணக்கில் சேர்த்துத்தான் ஏற்ற வேண்டும். இருப்பாய்வை மட்டும் நம்பி ஏற்றுகிறவர் சரக்கை 2,25,000 குறைத்துப் போடுவார், அதே அளவு லாபமும் குறைந்து மூலதனமும் குறையும். இங்கேயும் இரு பக்கமும் சமமாகத்தான் நிற்கும்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது பெரிய காரியம் அல்ல. இந்த இருப்பாய்வு உங்கள் கணினியில் பிறந்ததுதான். அச்சிட்ட அதே திரையிலிருந்து எக்ஸெல் கோப்பாகவும் எடுத்து, கையெழுத்திட்ட ஸ்கேனோடு சேர்த்து அனுப்புங்கள். எல்லாத் தொகுதிகளையும் விரித்து, கணக்கு வாரியாக எடுங்கள். ஐந்தொகையையும் சரக்கிருப்பு எண்ணையும் கூடவே வையுங்கள். கோப்பாகக் கொடுத்தால் யாராவது திருத்திவிடுவார்களோ என்ற தயக்கம் நியாயமானது. அதற்குத்தான் கையெழுத்திட்ட ஸ்கேன் இருக்கிறது, தகராறு வந்தால் அதுவே சான்று. ஒரு ஆடிட்டர் பொறுப்பேற்கும் முன் முந்தையவருக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும் என்று 1949ஆம் ஆண்டின் பட்டயக் கணக்கர்கள் சட்டம் சொல்கிறது. அந்தக் கடிதத்திலேயே கோப்பையும் கேட்டுப் பெறும் வழக்கத்தைப் புதிதாகப் பொறுப்பேற்பவர்கள் தொடங்கலாம்.

பழைய ஆண்டுக் கணக்கு காகிதத்தில் மட்டும்தான் இருக்கிறது என்றால், 300 டி.பி.ஐ. அளவில், தாளைக் கோணாமல் வைத்து ஸ்கேன் செய்யுங்கள். முத்திரையைத் தொகை நிரலின் மேல் குத்தாதீர்கள், ஊதா மையின் அடியில் 3 எது 8 எது என்று எழுத்துணரிக்கும் தெரிவதில்லை, எனக்கும் தெரிவதில்லை. பக்கத்தின் அடியில் அதற்கு இடம் இருக்கிறது.

அந்தக் கொத்தனார் இப்போது வேறு கடையில் சாமான் எடுக்கிறார். அவருடைய 4,200 ரூபாயை அன்று மாலையே கொண்டுவந்து கட்டிவிட்டுத்தான் போனார்.

இப்படிக்கு,
சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதும் ஒருவன்