ஆரி வேலை செய்து தரும் தையற்கூடத்தாருக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

வேலை முடிந்த பிளவுஸை எங்கள் கையில் கொடுக்கும்போது நீங்கள் எல்லோருமே சொல்வது ஒன்றுதான்: "தண்ணீரில் போட்டுவிடாதீர்கள், டிரை வாஷுக்கே கொடுங்கள்." அதை நம்பித்தான் என் மகளின் முகூர்த்த பிளவுஸைக் கொடுத்தேன். அரக்கு நிற ரா சில்க், கழுத்தில் ஜர்தோசி, கை முழுவதும் குந்தன் கற்கள். திரும்பி வந்தபோது ஜர்தோசிக்கும் சமிக்கிக்கும் ஒன்றும் ஆகவில்லை. கற்களில் பல உதிர்ந்திருந்தன, சில இடம் நகர்ந்து கோணலாக நின்றன. அக்குளில் இருந்த வியர்வைக் கறையோ அப்படியே விறைப்பாக இருந்தது.

சலவைக்காரர் மீது எனக்குக் குறையில்லை. டிரை வாஷில் தண்ணீருக்குப் பதிலாக ஊற்றும் கரைப்பான் எண்ணெயையும் பிசுக்கையும் நன்றாகக் கரைக்கும். ஆனால் கல்லை ஒட்டிய பசை சிலவற்றையும் அது இளக்கிவிடும். வியர்வையின் உப்போ தண்ணீரில்தான் கரையும். அந்தக் கற்கள் ஒட்டப்பட்டவை என்பது எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. ஒட்டிய கல்லைச் சுற்றி நீங்கள் மணி கோத்துத் தைத்துவிடுவதால், பார்ப்பவருக்கு அது தைத்த கல்லாகவே தெரிகிறது. லைனிங்கையும் மூடித் தைத்துவிட்டால், பின்பக்கம் நூல் ஓடுகிறதா என்று பார்க்கவும் வழியில்லை.

அதே கல்யாணத்துக்கு நான் உடுத்திய பச்சைப் பருத்தி பிளவுஸில் பட்டு நூல் பூக்களும், நூலால் தைத்த சமிக்கிகளும் மட்டுமே இருந்தன. அதை வீட்டிலேயே துவைத்தேன். முதலில் ஒரு வெள்ளைத் துணியை நனைத்து, உள்தையலில் வேலைப்பாட்டு நூல் வெளியே தெரிந்த இடத்தில் ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்தேன். சாயம் ஒட்டவில்லை. சாயம் ஒட்டியிருந்தால் அங்கேயே நிறுத்தியிருப்பேன். பிறகு நூல் முனை எங்காவது தூக்கி நிற்கிறதா என்று பார்த்தேன். ஆரித் தையல் சங்கிலி போன்றது. ஒரு முனை அவிழ்ந்து இழுபட்டால் வரிசையாகப் பிரிந்துகொண்டே போகும். அதனால் தளர்ந்திருந்த இரண்டு முனைகளை ஊசியால் உள்ளே இழுத்து முடிச்சிட்டேன்.

கொக்கிகளை மாட்டி, பிளவுஸை உள்பக்கம் வெளியே வரத் திருப்பினேன். அரை வாளி குளிர்ந்த நீரில் ஒரு சிறு கரண்டி மென்மையான திரவ சோப்பைக் கலந்து, அதில் பிளவுஸை அமிழ்த்தி 3 நிமிடம் மெதுவாக அலசினேன். ஊறவைக்கவில்லை, கசக்கவில்லை. அக்குள் லைனிங்கை மட்டும் விரல் நுனியால் தேய்த்தேன். நீர் தெளியும் வரை அலசிவிட்டு, பிழியாமல் ஒரு துண்டில் வைத்துச் சுருட்டி அழுத்தினேன். நிழலில் தரைமட்டமாகப் பரப்பிக் காயவைத்தேன். கொடியில் போட்டால் நனைந்த வேலைப்பாட்டின் பாரம் துணியைக் கீழே இழுத்துவிடும். இஸ்திரி போட்டது உள்பக்கத்தில், தடித்த துண்டின் மேல் கவிழ்த்து, குறைந்த சூட்டில்தான். சமிக்கி பிளாஸ்டிக் என்பதால் சூடு பட்டால் சுருண்டுவிடும்.

இந்த இரண்டு பிளவுஸ்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் எதை எங்கே கொடுப்பது என்பது எனக்குப் பிடிபட்டது. சாயம் போகாத துணியில் நூலும் தைத்த சமிக்கியும் மட்டும் இருந்தால் வீட்டு வாளி போதும். ஜர்தோசி என்பது உலோகக் கம்பிச் சுருள். ஈரம் தங்கினால் கறுக்கும். வெல்வெட்டில் நீர் பட்டால் மென்மயிர் படிந்துவிடும். எண்ணெய் சிந்திய பட்டுக்கும் கரைப்பானே ஏற்றது. இந்த மூன்றும் தேர்ந்த சலவைக்காரரிடம் போகட்டும். ஒட்டிய கல் உள்ளதை மட்டும் முழுமையாக எதிலும் அமிழ்த்தக் கூடாது. சாயம் போகவில்லையென்றால், லைனிங்கின் அக்குள் பகுதியை மாத்திரம் ஈரத் துணியால் ஒற்றி எடுத்து, உடனே விசிறிக் காற்றில் உலர்த்தலாம். அப்படியும் போகாத கறை என்றால், "கற்கள் பசையில் நிற்கின்றன" என்று சொல்லித்தான் சலவைக்காரரிடம் கொடுக்க வேண்டும். அதைச் சொல்ல நமக்கு அது தெரிந்திருக்க வேண்டுமே!

ஆகவே உங்களிடம் இரண்டே வேண்டுகோள். பில்லின் பின்புறத்தில் நான்கு விவரங்கள் எழுதிக் கொடுங்கள்: கல் ஒட்டியதா தைத்ததா, உலோகக் கம்பி இருக்கிறதா, நூல் சாயம் போகுமா, லைனிங்கை நனைத்துக் காயவைத்த பிறகு தைத்தீர்களா. கடைசியானதைச் சிறு விஷயம் என்று விட்டுவிடாதீர்கள். நனைக்காத பருத்தி லைனிங் முதல் சலவையில் சுருங்கினால், மேல்துணி சுருக்கம் விழுந்து வேலைப்பாடே கோணிப்போகும்.

இரண்டாவது, வெட்டி மிஞ்சிய அதே துணியில் உள்ளங்கை அகலத்துக்கு, அதே நூலால் ஒரு பூ போட்டு, அதே பசையால் ஒரு கல் ஒட்டிக் கொடுங்கள். தண்ணீரையோ கரைப்பானையோ முதலில் அந்தத் துண்டில் சோதித்துக்கொள்வோம். கூடவே பத்து உதிரிக் கற்களையும் போட்டுக் கொடுத்தால், உதிர்ந்த இடத்தை நிரப்ப உங்களிடமே வருவோம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்களில் ஒருத்தி