சங்கத்தின் பாலிசி என் கூடத்தைக் காக்குமா?

காரைக்குடியில் உள்ள நமது அடுக்குமாடிக் குடியிருப்பின் உரிமையாளர் சங்க நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். சங்கமே காப்பீடு எடுத்திருப்பதால் வீட்டுக்காரர்கள் தனியே எடுக்க வேண்டியதில்லை என்று சென்ற பொதுக்குழுவில் சொல்லப்பட்டதை நானும் நம்பியிருந்தேன். ஐப்பசி மழையில் மொட்டை மாடித் தொட்டியின் குழாய் வெடித்து, லிஃப்டின் மின்பலகையும் மூன்றாம் மாடியில் உள்ள என் கூடமும் ஒன்றாக நனைந்த பிறகுதான் பாலிசி அட்டவணையைக் கேட்டு வாங்கிப் படித்தேன்.

கட்டடத்துக்குக் குறிக்கப்பட்டிருக்கும் தொகை இரண்டரைக் கோடி. கட்டி முடித்தபோது எழுதிய அந்தத் தொகை அதன்பின் மாற்றப்படவேயில்லை. நம் கட்டடத்தின் மொத்தப் பரப்பு ஏறத்தாழ 25,000 சதுர அடி. சதுர அடிக்கு 2,000 ரூபாய் என்று வைத்தாலும், நிலத்தின் விலையைச் சேர்க்காமலே, மறுபடி கட்ட ஐந்து கோடி ஆகும். ஐந்து கோடி வரையிலான சொத்துகளுக்கு காப்பீட்டு நிறுவனங்கள் வழங்கும், நம் சங்கமும் எடுத்திருக்கும் பாரத் சூட்சும உத்யம் சுரக்ஷா பாலிசியில் 15 விழுக்காடு வரையிலான குறைமதிப்பு, அதாவது உண்மை மதிப்பைவிடக் குறைத்துக் காப்பீடு செய்தது, மன்னிக்கப்படுகிறது. அதைத் தாண்டினால் இழப்பிலும் அதே விகிதத்தில் வெட்டு விழும். நாமோ பாதிக்குத்தான் காப்பீடு செய்திருக்கிறோம். பொதுப் பகுதியில் ஆறு லட்ச ரூபாய் சேதம் என்றால் மூன்று லட்சம்தான் கிடைக்கும், அதிலும் ஒவ்வோர் இழப்பிலும் நாமே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு போகும். மீதி நம் பராமரிப்பு நிதியிலிருந்து.

என் கூடத்தின் கதை வேறு. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையும், பழைய வீட்டிலிருந்து கொண்டுவந்து சுவரில் பொருத்திய தேக்கு அலமாரியும் சங்கத்தின் பாலிசிக்குள் வருமா என்பது, அதில் 'கட்டடம் முழுவதும்' என்று எழுதியிருக்கிறதா, 'பொதுப் பகுதிகள்' என்றா என்பதைப் பொறுத்தது. நம்முடையதில் வெறும் 'கட்டடம்' என்று மட்டுமே இருக்கிறது. ஆய்வுக்கு வந்த சர்வேயரும் அதைப் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். சோபா, தொலைக்காட்சி எப்படிப் பார்த்தாலும் அதில் இல்லை.

2021 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பாரத் கிருஹ ரக்ஷா பாலிசியை நான் தனியே எடுத்திருந்தால், குழாய் வெடிப்பால் வந்த சேதத்துக்குக் குறைமதிப்பு வெட்டு இன்றி ஈடு கிடைத்திருக்கும்; வீட்டுப் பொருள்களுக்கும் கட்டடத் தொகையில் 20 விழுக்காடு, அதிகபட்சம் பத்து லட்சம் வரை, தானாகவே சேர்ந்திருக்கும். ஆனால் அப்போதும் ஒரே சுவருக்கு இரு பிரீமியம் கட்டிவிட்டு இரு முறை ஈடு வாங்க முடியாது.

ஆகவே, புதுப்பிக்கும் முன் கட்டடத்தின் மறுகட்டுமானச் செலவை ஒரு பொறியாளரைக் கொண்டு மதிப்பிட்டு, பாலிசி எதுவரை காக்கிறது என்பதை நிறுவனத்திடம் எழுத்தில் பெற்று, அட்டவணையின் நகலைச் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் உரிமையாளர்கள் உட்பட அனைவருக்கும் அனுப்ப வேண்டுகிறேன். அதன்பின் விடுபட்டதற்கு மட்டும் அவரவர் பாலிசி எடுத்துக்கொள்வார்கள். வாடகைக்கு இருப்பவர்களுக்கும் ஒரு நகல் போகட்டும். தங்கள் பொருள்களுக்கு அவர்களேதான் காப்பீடு செய்ய வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
மூன்றாம் மாடி உரிமையாளர்களில் ஒருவர்