முன்கூட்டியே பணம் கட்டுபவருக்கு ஒரு நன்றிக் கடிதமும் ஒரு சதவீதமும்

அன்புள்ள முருகேசா,

சிவகாசியில் ரெண்டாவது மெஷின் ஓட ஆரம்பித்துவிட்டது என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். இங்கே திருப்பூரில் நமக்கு அதே அட்டைப்பெட்டிதான், அதே கோந்து வாசனைதான். பெரியவள் காலேஜ் சேர்ந்துவிட்டாள், ஹாஸ்டல் சாப்பாட்டைப் பற்றி தினமும் ஒரு புகார் வருகிறது. என் முழங்கால் வலியைப் பற்றிக் கேட்காதே, அதற்குத் தனிக் கடிதம் போடுகிறேன்.

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். உன் லேபிள் பார்ட்டி ஒருத்தர் ஒவ்வொரு பில்லையும் கெடுவுக்கு முன்பே கட்டிவிடுகிறார், அவருக்கு நன்றி சொல்லி ஏதாவது குறைத்துக் கொடுக்கலாம் என்று பார்க்கிறேன், எப்படிச் செய்வது என்று கேட்டிருந்தாய். போன தீபாவளிக்கு முன்னால் நானும் இதைச் செய்தேன், அதனால் விவரமாகவே சொல்கிறேன்.

முதலில் அவர் நிஜமாகவே முன்கூட்டிக் கட்டுகிறாரா என்று பார். சிரிக்காதே. நமக்கு ஒருத்தர் மேல் நல்ல எண்ணம் வந்துவிட்டால் லெட்ஜரைப் பார்க்கவே மாட்டோம். டேலியில் அவர் கணக்கைப் பில்வாரியாக எடுத்து, ஒவ்வொரு பில்லுக்கும் கெடு தேதி எது, பணம் நம் பேங்கில் ஏறிய தேதி எது என்று ஒரு வருஷத்துக்குப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். செக் தேதியைப் பார்க்காதே, பணம் ஏறிய தேதிதான் கணக்கு. மார்ச் மாதத்தைச் சேர்க்காதே. நம்மை மாதிரி சிறு உற்பத்தியாளருக்கு ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாள், அதற்குள் கொடுக்காமல் மார்ச் 31 அன்று பாக்கி நின்றால் வாங்கியவர் அந்த வருஷம் அதைச் செலவாகக் காட்ட முடியாது என்று 2023-24லிருந்து வருமான வரியில் வந்துவிட்டதே, அதனால் மார்ச் கடைசியில் ஊரே நல்லவர்களாகிவிடுகிறது. ஜூலையிலும் நவம்பரிலும் எப்படி என்று பார். அப்புறம், டேமேஜ், எடை குறைவு என்று கழித்துக்கொண்டு மிச்சத்தைச் சீக்கிரம் அனுப்புகிறவர்களும் உண்டு, அவர்கள் இந்த வரிசையில் வரமாட்டார்கள்.

என் பார்ட்டி ஒரு பனியன் கம்பெனிக்காரர். மாதம் சுமார் 2,40,000 ரூபாய்க்குப் பெட்டி எடுப்பார். 30 நாள் கெடு, ஆனால் பணம் 21ஆம் நாள் வாக்கில் வந்து நிற்கும். ஒரு போன் கிடையாது, ஞாபகப்படுத்தி ஒரு மெசேஜ் கிடையாது.

இவருக்கு என்ன கொடுப்பது? எல்லோருக்கும் முதலில் தோன்றுவது, ‘20 நாளுக்குள் கட்டினால் 2 சதவீதம் கழிவு’ என்று பில்லில் அச்சடிப்பது. எங்கள் லைனில் ஒருத்தர் அப்படித்தான் செய்தார். அது நன்றி இல்லை, புது விலைதான். ஏற்கெனவே 18ஆம் நாள் சும்மா கட்டிக்கொண்டிருந்தவருக்கு, அவர் இலவசமாகச் செய்துகொண்டிருந்ததற்கே காசு கொடுத்த மாதிரி ஆயிற்று. மற்ற பார்ட்டிகளோ 35ஆம் நாள் பணம் அனுப்பும்போதும் 2 சதவீதத்தைக் கழித்துக்கொண்டே அனுப்பினார்கள். கேட்டால், பில்லில் போட்டிருக்கிறதே என்றார்கள். ஒவ்வொரு கணக்கிலும் மூவாயிரம், நாலாயிரம் என்று சில்லறைப் பாக்கி தொங்கியது, அதற்காகச் சண்டை போட்டால் அடுத்த ஆர்டர் போய்விடும். கணக்குப் பார்த்தாலும் 30 நாளை 20 ஆக்குவதற்கு 2 சதவீதம் என்றால், பத்து நாளுக்கு 2, வருஷத்துக்கு 73 சதவீதம் வட்டி கட்டுகிறோம் என்று அர்த்தம். கந்துவட்டிக்காரர் கூட நம்மைப் பார்த்துப் பாவப்படுவார்.

சரி, எவ்வளவு கொடுத்தால் நியாயம்? பேங்க் ஓ.டி. வட்டி 11 சதவீதம் என்று வை. 2,40,000 ரூபாய் ஒன்பது நாள் முன்னால் வந்தால் மிச்சமாகும் வட்டி சுமார் 650 ரூபாய்தான். கால் சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். இதோடு நிறுத்திக்கொண்டால் ஒரு சதவீதம் கொடுப்பதே அதிகம் என்று தோன்றும். ஆனால் அந்தப் பணத்தை நான் ஓ.டி.யில் போடுவதில்லை, பேப்பர் ரீல் வாங்குகிறேன். கிராப்ட் பேப்பர் ஏஜெண்ட் எனக்குக் கடனுக்கு ஒரு ரேட், கைமேல் பணத்துக்குக் கிலோவுக்கு 50 பைசா குறைத்து ஒரு ரேட் என்று கொடுக்கிறார். என் பனியன் பார்ட்டியின் பில்லில் பேப்பர் பங்கு சுமார் 1,60,000 ரூபாய், கிலோ 40 என்று வைத்தால் நாலு டன். நாலு டன்னுக்கு 50 பைசா என்றால் 2,000 ரூபாய். மிச்சம் 80,000க்கு வட்டியில் ஒரு இருநூறு. ஆக, பார்ட்டி சீக்கிரம் கட்டுவதால் எனக்கு மாதம் 2,200 ரூபாய் மிஞ்சுகிறது. ஒரு சதவீதம் கொடுத்தால் 2,400. கிட்டத்தட்ட சரிக்குச் சரி, மேலே போகும் இருநூறு ரூபாய் வசூலுக்கு ஆள் அனுப்பாமல் இருப்பதில் வந்துவிடுகிறது.

உன் தொழிலில் இந்தக் கணக்கு வேறு மாதிரி வரும், பேப்பரும் மையும் நீ எப்படி வாங்குகிறாய் என்பதைப் பொறுத்தது. கைமேல் பணத்துக்கு உனக்கு யாரும் ரேட் குறைக்கவில்லை என்றால், ஒரு சதவீதம் பக்கமே போகாதே. அரை சதவீதம் போதும், இல்லையென்றால் கடிதம் மட்டும் போதும்.

அடுத்தது, அந்த ஒரு சதவீதத்தை எங்கே காட்டுவது. இதில் உன் ஆடிட்டரையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள். நான் செய்தது இது: பழைய பில்களைத் தொடவே இல்லை. இனிமேல் போடும் பில்லிலேயே கழிவைக் கீழே தனியாகக் காட்டினேன். 2,40,000, கழிவு 2,400, வரிக்கு உட்பட்ட மதிப்பு 2,37,600, பெட்டிக்கு இப்போது ஜி.எஸ்.டி. 5 சதவீதம் என்பதால் வரி 11,880, மொத்தம் 2,49,480. பில்லில் காட்டிய கழிவுக்கு வரி கிடையாது, அவருக்கும் குழப்பம் கிடையாது. போன வருஷத்துக்குச் சேர்த்து மொத்தமாகத் தருகிறேன் என்று கிளம்பினாய் என்றால், முன்பே பேசிவைக்காத கழிவு என்பதால் கட்டிய வரியைக் குறைப்பதில் சிக்கல் வரும். வரி இல்லாமல் வெறும் தொகைக்குக் கிரெடிட் நோட் போடலாம், அதற்காக அவர் எடுத்த இன்புட் வரியைத் திருப்ப வேண்டியதில்லை என்று 2025 செப்டம்பரில் சர்க்குலரே வந்திருக்கிறது. ஆனாலும் அவர் கணக்கர் உனக்குப் போன் பண்ணுவார், நன்றி சொல்லப் போய் அவருக்கு வேலை வைப்பானேன்.

ரேட்டையே குறைத்துவிடலாமே என்று கேட்பாய். வேண்டாம். குறைத்த ரேட் நாலு மாதத்தில் பழைய ரேட் ஆகிவிடும், யாருக்கும் நன்றி ஞாபகம் இருக்காது, பேப்பர் விலை ஏறி நீ ரேட் கூட்டப் போகும்போது அந்தக் குறைந்த ரேட்டிலிருந்துதான் பேச்சு ஆரம்பிக்கும். ரேட் அப்படியே இருக்கட்டும், கழிவு கீழே தனியாகத் தெரியட்டும்.

இனிக் கடிதம். வாட்ஸ்அப்பில் பூங்கொத்துப் படத்தோடு அனுப்பாதே. லெட்டர்ஹெட்டில், முதலாளி பெயருக்கு. நான் எழுதியதை அப்படியே தருகிறேன்:

‘மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். கடந்த ஓராண்டில் எங்கள் பில்கள் அனைத்துக்கும் கெடு தேதிக்கு முன்பே தங்களிடமிருந்து பணம் வந்திருக்கிறது. ஒருமுறைகூட நாங்கள் கேட்கும்படி வைக்கவில்லை. அந்தப் பணத்தை நம்பி ரீலை ரொக்கத்துக்கு வாங்க முடிந்தது, தங்கள் ஆர்டர்களைத் தேதி தவறாமல் கொடுக்கவும் முடிந்தது. இதற்கு எங்கள் மனமார்ந்த நன்றி. பில்களை உடனுக்குடன் சரிபார்த்து அனுப்பும் தங்கள் அக்கவுண்ட்ஸ் பிரிவினருக்கும் எங்கள் நன்றியைத் தெரிவிக்க வேண்டுகிறோம். அக்டோபர் 1 முதல் டிசம்பர் 31 வரை நாங்கள் போடும் பில்களில் 1 சதவீதம் கழிவு தருகிறோம். இது பில்லிலேயே கழிக்கப்பட்டு வரும், தாங்கள் தனியாக எதுவும் செய்ய வேண்டியதில்லை.’

அவ்வளவுதான். இதில் நான் வேண்டுமென்றே விட்டவை உண்டு. ‘தொடர்ந்து இப்படியே கட்டினால்’ என்று எழுதவில்லை, எழுதினால் நன்றி நிபந்தனையாகிவிடும், அவரும் யோசிக்க ஆரம்பிப்பார். ‘மற்றவர்கள் போல் இல்லாமல்’ என்றும் எழுதவில்லை, நம் ஊரில் எல்லோரும் எல்லோருக்கும் சொந்தக்காரர்கள், அந்தக் கடிதம் யார் மேஜையில் கிடக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் ரீல் வாங்கிய விஷயத்தை எழுதினேன், அவர் பணம் எங்கே உதவியது என்று தெரிந்தால்தான் அது அச்சடித்த வாழ்த்து மாதிரி இருக்காது. அக்கவுண்ட்ஸ் ஆட்களைச் சேர்த்ததும் சும்மா இல்லை. முதலாளி சரி என்று சொன்னாலும் பேமெண்ட் லிஸ்டில் நம் பெயரை மேலே போடுவது அவர்கள்தான், அவர்களுக்கு யாரும் நன்றி சொல்வதில்லை. அவர்களுக்குத் தனியாகக் கவர் எதுவும் கொடுத்துவிடாதே, கழிவு கம்பெனிக்கு மட்டும்தான்.

மூன்று மாதம் என்று தேதி போட்டது முக்கியம். முடிந்ததும் ஜனவரி பில்லில் அந்தக் கழிவு இருக்காது, அதை அவர்களிடம் டிசம்பர் நடுவிலேயே போனில் சொல்லிவிட்டேன், சொல்லாமல் நிறுத்தினால் ரேட்டைக் கூட்டிவிட்டான் என்று நினைப்பார்கள். நடுவில் ஒரு பில் 34ஆம் நாள் வந்தது, எக்ஸ்போர்ட் பணம் தாமதமாம். கழிவைத் திருப்பிக் கேட்கவில்லை, கேட்கவும் முடியாது, பில்லில் கொடுத்தது கொடுத்ததுதான். அடுத்த பில் வழக்கம்போல் 20ஆம் நாள் வந்துவிட்டது. வருகிற அக்டோபரிலும் தரலாமா என்று அப்போது லெட்ஜரைப் பார்த்துக்கொள்வேன்.

உன் பார்ட்டியின் பில்வாரிக் கணக்கை எடுத்துவிட்டு, உனக்கு எவ்வளவு மிஞ்சுகிறது என்று போட்டுப் பார். கடிதம் எழுதியதும் அனுப்புவதற்கு முன்னால் எனக்கு ஒரு போட்டோ அனுப்பு. தங்கச்சியையும் பிள்ளைகளையும் விசாரித்ததாகச் சொல். பொங்கலுக்கு இந்தப் பக்கம் வருவதாக இருந்தால் முன்னாலேயே சொல்லிவிடு, ரூம் எல்லாம் போடாதே, வீட்டுக்கு வா.

அன்புடன்,
செல்வராஜ்