கணக்கை மூடும் பக்கத்தை வடிவமைப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஏஐ உரையாடல் செயலிகளை நடத்தும் நிறுவனங்களுக்கு,

வணக்கம். அண்மையில் இப்படி ஒரு செயலியில் என் கணக்கை மூடினேன். கோபம் ஒன்றும் இல்லை, வேறொன்றுக்கு மாறிவிட்டேன், அவ்வளவுதான். மூடுவதற்கு முன் பழைய உரையாடல்களை எடுத்து வைத்துக்கொண்டேன். அந்த வசதி நன்றாகவே இருக்கிறது. அமைப்புகளுக்குள் போய் ஏற்றுமதியைக் கேட்டால் மின்னஞ்சலில் ஒரு இணைப்பு வருகிறது, இறக்கினால் ஒரு ஜிப் கோப்பு. பிரித்துப் பார்த்தேன். பழைய உரையாடலும் இருந்தது, கடைசியாகப் பேசியதும் இருந்தது. எல்லாம் வந்துவிட்டது என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

ஆனால் உங்கள் செயலி உரையாடல்களை மட்டும் வைத்திருப்பதில்லை. பேச்சிலிருந்து எங்களைப் பற்றிய சிறு குறிப்புகளை எடுத்து 'நினைவு' என்ற பெயரில் தனியாகச் சேமிக்கிறது. மூடும் பொத்தானை அழுத்துவதற்கு முன் அந்தப் பக்கத்தையும் திறந்தேன். அங்கே ஒரு வரி: "பயனரின் அம்மாவுக்குச் சர்க்கரை நோய், சிறுநீரகப் பாதிப்பும் உண்டு." அம்மாவின் ரத்தப் பரிசோதனை முடிவுகள் புரியாமல் கேட்ட ஒரு உரையாடலில் இருந்து வந்த வரி அது. அந்த உரையாடலை நான் எப்போதோ அழித்துவிட்டேன். உரையாடல் போனது, குறிப்பு அங்கேயே நின்றது. இரண்டும் தனித்தனி இடத்தில் இருப்பதால் ஒன்றை அழித்தால் மற்றது தானாகப் போவதில்லை.

அந்த வரியை ஏற்றுமதிக் கோப்பில் தேடினேன், இல்லை. அழித்த உரையாடல் அதில் இருக்க வாய்ப்பில்லை, நினைவுப் பட்டியலோ அதில் சேர்க்கப்படவே இல்லை. அந்தப் பக்கத்தைத் திறக்காமல் மூடியிருந்தால், என் அம்மாவின் உடல்நிலை பற்றி நீங்கள் என்ன எழுதி வைத்திருந்தீர்கள் என்பது எனக்குத் தெரியாமலே போயிருக்கும். பேசியது நான், நோய் அவருடையது. அவரிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை.

சரி, மூடிய பிறகு அந்த வரி என்ன ஆகும்? மூடும் பக்கத்தில் "உங்கள் தரவு அழிக்கப்படும்" என்று மட்டும் இருந்தது. விவரம் எல்லாம் தனியுரிமைக் கொள்கையில் எங்கோ இருக்கிறது. ஓபன்ஏஐ போன்ற நிறுவனங்கள் 30 நாட்களுக்குள் அழிப்போம் என்கின்றன, சட்டமோ பாதுகாப்போ கோரினால் தவிர என்ற விலக்கோடு. அந்த விலக்கு பெயருக்குப் போட்டதல்ல. 2025-இல் பதிப்புரிமை வழக்கொன்றில் அமெரிக்க நீதிமன்றம் உத்தரவிட்டதால், வழக்கமாக அழிந்திருக்க வேண்டிய சாட்ஜிபிடி உரையாடல்களையும் ஓபன்ஏஐ சில மாதங்கள் பாதுகாத்து வைக்க வேண்டியிருந்தது. கூகுளின் ஜெமினியில், மனிதர்கள் மதிப்பாய்வு செய்த உரையாடல்கள் கணக்கிலிருந்து பிரிக்கப்பட்டு 3 ஆண்டுகள் வரை இருக்கலாம், பயனர் தன் பக்கத்தில் அழித்தாலும் அவை போகாது என்று அந்த நிறுவனமே எழுதி வைத்திருக்கிறது. அப்புறம், எங்கள் பேச்சை ஏஐ மாதிரியின் பயிற்சிக்குப் பயன்படுத்த அனுமதித்திருந்தால், ஏற்கெனவே பயிற்சியில் கலந்துவிட்ட பேச்சை அந்த மாதிரியிலிருந்து உருவி எடுக்க முடியாது. கணக்கை மூடுவது இனிமேல் சேர்வதைத்தான் நிறுத்தும்.

இதில் எதையும் நீங்கள் மறைக்கிறீர்கள் என்று சொல்லவில்லை. ஆனால் பொத்தானை அழுத்தும் அந்த நிமிடத்தில் ஒருவர் இதையெல்லாம் தேடிப் படிக்க வேண்டியிருப்பது நியாயமில்லை. நான் கேட்பது பெரிய வேலையும் அல்ல. ஏற்றுமதிக் கோப்பிலேயே நினைவுப் பட்டியலையும் சாதாரண எழுத்துக் கோப்பாகச் சேர்த்துக் கொடுங்கள், ஒவ்வொரு குறிப்பும் எந்தத் தேதியில் எழுதப்பட்டது என்பதோடு. பழைய பேச்சிலிருந்து நீங்களே ஊகித்து வைத்திருக்கும் சுருக்கம் ஏதாவது இருந்தால் அதுவும் அதில் வரட்டும், ஏனென்றால் பட்டியலில் தெரியாத அதை எங்களால் வேறு வழியில் பார்க்கவே முடியாது. மூடும் பக்கத்தில் உரையாடல், நினைவு, மதிப்பாய்வுக்குப் போனவை, பயிற்சிக்குப் போனவை ஆகிய ஒவ்வொன்றும் எப்போது அழியும், எது அழியாது என்று நேராக எழுதுங்கள்.

அதுவரை மூட நினைப்பவர்கள் செயலியைக் கைபேசியிலிருந்து நீக்குவதோடு நிறுத்திவிட வேண்டாம், அதனால் கணக்கு மூடப்படாது. முதலில் நினைவுப் பக்கத்தில் உள்ளதைக் கையால் நகலெடுங்கள். ஏற்றுமதி இணைப்புக்குக் காலக்கெடு உண்டு என்பதால் வந்ததும் இறக்கி, கணினியில் திறந்து பாருங்கள். பிறகு குறிப்புகளை அழித்து, நினைவு வசதியை அணைத்து, கடைசியாகக் கணக்கை மூடுங்கள்.

நிறுவனங்களிடம் இன்னும் ஒன்று. அழித்து முடித்ததும், எங்கள் மின்னஞ்சல் முகவரியையும் நீக்குவதற்கு முன், இன்ன தேதியில் இன்னது அழிக்கப்பட்டது என்று ஒரு கடைசி அஞ்சல் அனுப்புங்கள். என் அம்மாவைப் பற்றிய அந்த வரிக்கு அப்படி ஒரு அஞ்சல் எனக்கு இன்னும் வரவில்லை.

இப்படிக்கு,
கணக்கை மூடிய ஒரு பயனர்