டையிங் ஓனர் அண்ணன்மாருங்களுக்கு ஒரு சின்ன பனியன் கம்பெனிக்காரன் எழுதற திறந்த மடல்

வணக்கமுங்க.

பேரெல்லாம் போடல. இது ஒருத்தர் பட்டறைய பத்தின லெட்டர் இல்ல, நாலு வருசமா நான் துணி குடுத்து வாங்கின அஞ்சாறு பட்டறையிலயும் இதே கதைதான். படிக்கறப்பவே இது நம்மளதான் சொல்றான்னு யாருக்காச்சும் தோணுச்சுன்னா அதுக்கு நான் பொறுப்பில்லீங்க.

கேக்கறது ஒன்னே ஒன்னுதான். சாயம் போட்டு துணிய திருப்பி அனுப்பறப்ப அதோட சேர்த்தே பில்லும் குடுங்க. அந்த பில்லுல என்னோட டிசி நம்பர், உள்ள வந்த கிரே எடை, வெளிய போன எடை மூணும் இருக்கணும். அவ்வளவுதான். இதுக்கு எதுக்கு ஒரு லெட்டருன்னு கேப்பீங்க, போன லாட்டுல நடந்தத சொல்றேன்.

30ஸ் கோம்டு சிங்கிள் ஜெர்சி, 24 ரோல், எங்க எடை மிசின்ல 600 கிலோ. நேவி ப்ளூ. கூலி கிலோவுக்கு 110 ரூபா, அதும் கிரே எடைக்கு. ப்ராசஸ் லாஸ் 7 பர்சன்ட்டுக்குள்ள வரும்னு போன்லயே பேசி முடிச்சோம். டிசி மூணு காப்பி போட்டு ஒன்னுல உங்க ஆளுகிட்ட கையெழுத்தும் வாங்கி அனுப்பினேன். துணி என்னுது, ஜாப் ஒர்க்குக்கு போறதால அதுக்கு வரி கட்டாம அனுப்பலாம், ஒரு வருசத்துக்குள்ள திரும்பி வந்துட்டா போதும். கூலிக்கு மட்டும்தான் நீங்க 5 பர்சன்ட் ஜி.எஸ்.டி போடுவீங்க. இது வரைக்கும் எல்லாம் சரி.

துணி திரும்பி வந்தப்ப எடை போட்டா 531 கிலோ. எனக்கு பகீர்னு ஆச்சு, ஆனா உடனே போன் பண்ணி கத்தல, ஏன்னா காம்பாக்டிங்ல இருந்து சுடச்சுட வர்ற காட்டன் துணில ஈரம் வத்தி போயிருக்கும், கொஞ்ச நேரம் காத்துல கிடந்தா ஈரத்த இழுத்துக்கிட்டு எடை ஏறும்னு எனக்கும் தெரியும், அதனால ராத்திரி பூரா விரிச்சு வெச்சு மறுநாள் காலைல திரும்ப போட்டோம். 537. 600ல 63 கிலோ காணோம், பத்தரை பர்சன்ட்.

நீங்க என்ன சொல்வீங்கன்னும் தெரியும். பஞ்சுல மெழுகு இருக்கு, விதைத்தூள் இருக்கு, நிட்டிங் எண்ணெய் இருக்கு, எல்லாம் கெமிக்கல் போட்டு கொதிக்க வைக்கறப்ப போயிரும், பயோ வாஷ்ல இன்னும் கொஞ்சம் பஞ்சு உதிரும். சரிங்க, ஒத்துக்கறேன். ரோல எண்ணி பாக்கவும் வழியில்ல, 24 ரோலையும் முனைக்கு முனை தச்சு ஒரே கயிறா மிசின்ல விட்டு அப்புறம் வேற ரோலா சுத்தறீங்க, 24 அனுப்பினா 24 வரணும்னு நான் கேக்க முடியாது.

ஆனா இந்த தடவ எங்க கட்டிங் மாஸ்டர் ஒரு வேலை பண்ணியிருந்தாரு. அதே கிரே துணில சரியா ஒரு கிலோ வெட்டி, ஓரத்துல மஞ்ச நூலால தையல் போட்டு அடையாளம் வெச்சு, ஒரு ரோலு முனைல சேர்த்து தச்சு அனுப்பிட்டாரு (அந்த ஒரு கிலோவும் 600ல அடக்கம்). அதே லாட்டு, அதே தண்ணி, அதே சாயம், அதே காம்பாக்டிங். திரும்பி வந்ததும் அந்த துண்ட தேடி பிரிச்சு மத்த துணியோடவே ராத்திரி வெச்சிருந்து காலைல சின்ன தராசுல போட்டாரு. 936 கிராம். லாஸ் 6.4 பர்சன்ட். நீங்க சொன்ன 7க்குள்ளதான்! உங்க வேலை சுத்தமுங்க, அதுல ஒரு குறையும் இல்ல. அந்த கணக்குப்படி 600 கிலோவுக்கு 561 வந்திருக்கணும். வந்தது 537. இடைல 24 கிலோ, சொல்லப்போனா ஒரு ரோலு, எங்க போச்சுன்னுதான் கேக்கறேன்.

யாரும் எடுத்துட்டாங்கன்னு நான் சொல்லல. தையல் முனைய வெட்டினது தாராளமா போயிருக்கலாம், வேற கம்பெனி நேவி ப்ளூவோட ஒரு ரோல் மாறி போயிருக்கலாம். எதுவா இருந்தாலும் டெலிவரி அன்னைக்கே ரெண்டு எடையும் எழுதியிருந்தா அன்னைக்கே தேடியிருக்கலாம். துணி வந்தப்ப கூட வந்தது ஒரு துண்டு சீட்டு, அதுல பேனாவுல "நேவி 24" னு எழுதியிருந்துச்சு. எடையும் இல்ல, சீலும் இல்ல.

பில் எப்ப வந்துச்சு தெரியுமுங்களா, 38வது நாள். டையிங் கூலி 600 கிலோ, 66,000. ஜி.எஸ்.டி 3,300. மொத்தம் 69,300. ஒரே வரி. என் டிசி நம்பர் இல்ல, எத்தன கிலோ திருப்பி குடுத்தீங்கன்னு இல்ல. நான் வாங்கினது 537 கிலோ, அதுக்கு பிரிச்சு பாத்தா கூலியே 122 ரூபா 90 காசு ஆகுது. கிரே துணி என் அடக்கம் கிலோ 290. 7 பர்சன்ட் லாஸ்னா சாயத்துணி கிலோ 430ல நின்னிருக்கும், இப்ப 447ல நிக்குது. கிலோவுக்கு அஞ்சு பீஸ்னு வெச்சா பீஸுக்கு மூணு ரூபா நாப்பது காசு. லோக்கல் மார்க்கெட்டுக்கு டி-ஷர்ட் போடறவன் பீஸுக்கு எவ்வளவு பாக்கறான்னு உங்களுக்கு நான் சொல்லித்தரணுமா. நான் ரேட் பேசி ஆர்டர் எடுத்தது 430ய நம்பி.

அந்த பில்லுல தேதி மட்டும் துணி வந்த தேதியாவே போட்டிருந்துச்சு. ஆனா அந்த மாசத்து GSTR-1ல பில் ஏறல, அதனால என் GSTR-2Bல வரல, 2Bல வராதத நான் கிரெடிட் எடுக்க முடியாது. 3,300 ரூபா உங்களுக்கு சின்ன காசு. எனக்கு அந்த மாசம் கைக்காசுல போட்டு கட்டினேன், இந்த மாதிரி மூணு பட்டறை பில்லு சேர்ந்தா நிட்டிங்காரனுக்கு குடுக்க வேண்டியது நிக்குது.

இதுல பெரிய கூத்து பேமெண்ட்டுதான். 40வது நாள் உங்க ஆபீஸ்ல இருந்து போன், "அண்ணா 45 நாள் ரூல் இருக்குதுங்க, சீக்கிரம் போட்டு விடுங்க" ன்னு அந்த பொண்ணு மரியாதையாத்தான் சொல்லுச்சு. ரூல் எனக்கும் தெரியும். சின்ன யூனிட்டுக்கு எழுதி ஒப்பந்தம் இருந்தா 45 நாள், இல்லைன்னா 15 நாள், அதுக்குள்ள குடுக்காம வருசக்கடைசிலயும் பாக்கி நின்னா அந்த செலவ வருமான வரில அந்த வருசம் கழிக்க முடியாது. ஆனா அந்த நாள் கணக்கு பில் வந்த தேதில இருந்து ஓடறது இல்லீங்களே, பொருள் கைக்கு வந்த தேதில இருந்து ஓடுது. 38 நாள் பில்ல நீங்க கைல வெச்சிருந்துட்டு மிச்சம் ஏழு நாள் எனக்கு! அந்த ஏழு நாள்ல எடை தகராறும் பேசணும், பணமும் போடணும். குறை இருந்தா பொருள் வந்த 15 நாளைக்குள்ள எழுத்துல சொல்லணும்னு வேற இருக்கு. எந்த பில்ல பாத்துங்க நான் குறை எழுதறது?

அடுத்தது ITC-04. என்ன மாதிரி அஞ்சு கோடிக்கு உள்ள இருக்கறவங்க வருசத்துக்கு ஒருக்கா, ஏப்ரல் 25க்குள்ள போடணும். எந்த டிசில எவ்வளவு போச்சு, எவ்வளவு வந்துச்சு, லாஸ் எவ்வளவுன்னு தனித்தனியா கட்டம் இருக்கு. 63 கிலோவ லாஸ்னு எழுதறேன்னு வைங்க, நாளைக்கு ஆபீசர் "இதுக்கு பட்டறைக்காரர் குடுத்த பேப்பர் எங்க"ன்னு கேட்டா "நேவி 24" சீட்டதான் காட்டணும். அவரு நம்பலைன்னா அந்த 63 கிலோவ நான் வித்துட்டதா வெச்சு வரியும் வட்டியும் என் தலைல. தொலைஞ்ச துணிக்கு வரி கட்டற பாக்கியம் எத்தன பேருக்கு கிடைக்கும் சொல்லுங்க.

உங்க கஷ்டம் தெரியாம பேசலீங்க. சாயமும் கெமிக்கலும் 18 பர்சன்ட்ல வாங்கி 5 பர்சன்ட்ல பில் போடறீங்க. 2011ல ஐகோர்ட் பட்டறைகள மூட சொன்னப்ப ஊரே முடங்குனது எனக்கு ஞாபகம் இருக்கு, அப்ப நான் கட்டிங் டேபிள்ல வேலைல இருந்தேன், எங்களுக்கும் சம்பளமில்ல. சுத்திகரிப்பு செலவு உங்க கழுத்த நெரிக்குதுன்னும் தெரியும். சாயக்கூலிக்கு 12 பர்சன்ட் ஆக்கறோம்னு கிளம்பி 2021 டிசம்பர் 31ம் தேதி, அமலுக்கு வர்றதுக்கு முந்தின நாள், நிறுத்தி வெச்சாங்களே, அதுக்கு உங்களோட சேர்ந்து நாங்களும்தான் கத்தினோம். அப்ப நாம எல்லாம் ஒரே குடும்பம். எடைன்னு வந்தா மட்டும் நான் யாரோ.

கூலி ஏத்தறப்ப பாருங்க, லெட்டர்பேடுல டைப் அடிச்சு, ரவுண்டு சீல் வெச்சு, ராத்திரி எட்டு மணிக்கு எல்லாருக்கும் வாட்ஸ்அப்ல ஒரே நேரத்துல வந்துரும், அமல் தேதி கூட தெளிவா இருக்கும். அந்த சுறுசுறுப்புல கால்வாசி பில்லுல இருந்தா போதும்னு சொல்ல வந்தேன்… சரி விடுங்க, கோவத்துல வந்துருச்சு.

பணிவாவே கேக்கறேன். வண்டி வெளிய போறப்ப பில்லும் கூட போகட்டும். என் டிசி நம்பர், கிரே எடை, கொண்டு வந்து சேர்த்த எடை. அன்னைக்கு பில் ரெடி இல்லைன்னா எடை எழுதி சீல் வெச்ச ஒரு டிசியாச்சும் வரட்டும், பில்ல அந்த மாசத்து GSTR-1லயே ஏத்திருங்க. 7 பர்சன்ட்ட தாண்டின லாஸுக்கு நாம உக்காந்து பேசிக்கலாம், சண்டைக்கு வரல. இந்த லாட்டுக்கு 69,300 முழுசா போட்டு விட்டுட்டேன், அந்த ஒரு ரோலு மட்டும் தேடி பாக்க சொல்லுங்க.

அடுத்த லாட் வர்ற புதன்கிழமை அனுப்பறேன். 18 ரோல், மெரூன். வண்டியோட நானும் வர்றேன், உங்க தராசுலயே போடலாம், ரெண்டு பேரும் கையெழுத்து போடலாம். மாஸ்டர் இந்த தடவையும் ஒரு துண்டு தச்சு வெச்சிருக்காரு. எந்த ரோல்லன்னு எனக்கே சொல்லல.

இப்படிக்கு,
உங்ககிட்டயே திரும்ப திரும்ப துணி குடுக்கற ஒரு பனியன்காரன்