டெங்கு கட்டுரைக்கு எதுக்கு சார் சாக்கடை போட்டோ?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன இதழ்ல டெங்கு பத்தி வந்த கட்டுரை படிச்சேன். தகவல் எல்லாம் சரிதான், ஆனா மேல பெருசா ஒரு சாக்கடை படம், கீழ இருட்டுன பிறகு தெருவுல புகை அடிக்கிற படம். சுகாதாரத் துறையில கொசு ஒழிப்பு வேலை பார்த்து ரிட்டயர் ஆனவன் நான், இதைப் பார்த்துட்டு எழுதாம இருக்க முடியல, கொஞ்சம் நீளமா போனா மன்னிச்சுக்கங்க.

நம்ம ஊர் சாக்கடையில இருக்கறது பெரும்பாலும் க்யூலெக்ஸ் கொசு. ராத்திரி காதுக்கிட்ட வந்து பாட்டு பாடுறது அதுதான். அழுக்குத் தண்ணி, செப்டிக் டேங்க், தேங்கி நின்ன கழிவுநீர்னா அதுக்கு ரொம்ப இஷ்டம். டெங்குவைப் பரப்புற ஏடிஸ் எஜிப்தி அந்தப் பக்கம் பெருசா போகாது, அதுக்கு வேணும்ங்கறது வீட்டுக்குள்ளயும் வீட்டைச் சுத்தியும் இருக்கற சுத்தமான தண்ணி, ட்ரம், சிமெண்ட் தொட்டி, ஃப்ரிட்ஜ் பின்னாடி ட்ரே, பூந்தொட்டிக்கு அடியில வைக்கிற தட்டு, பழைய டயர், கொட்டாங்குச்சி. சாக்கடையை எவ்வளவு தான் க்ளீன் பண்ணாலும் கொசுக்கடி குறையும், டெங்கு குறையாதுங்கறது இதனாலதான். ஜனங்களும் பாவம், "கொசு கம்மியாத்தானே இருக்கு, எப்படி டெங்கு வந்துச்சு"ன்னு கேப்பாங்க. அவங்க எண்ணுறது ராத்திரி சத்தம் போடுற கொசுவை, நோய் குடுத்தது சத்தமே இல்லாம பகல்ல கணுக்கால்ல கடிச்ச கொசு.

அந்த ட்ரம் விஷயத்துல ஒரு சூட்சுமம் இருக்கு. ஏடிஸ் முட்டையைத் தண்ணி மேல போடாது, தண்ணி மட்டத்துக்குக் கொஞ்சம் மேல ஈரமா இருக்கற சுவத்துல ஒட்டி வைக்கும். தண்ணியைக் கொட்டிட்டு ட்ரம்மைக் கவுத்து வெச்சாலும் அந்த முட்டை காஞ்சு போய் மாசக்கணக்குல உசுரோட இருக்கும், மறுபடி தண்ணி அந்த உசரத்துக்கு வந்ததும் பொரிச்சிடும். அதனால வாரத்துக்கு ஒருக்கா தண்ணியைக் கொட்டுனா மட்டும் போதாது, உள்பக்கச் சுவத்தை நார் போட்டுத் தேய்க்கணும். ஏன் வாரம்னா, முட்டை பொரிச்சு புழுவாகி கூட்டுப்புழுவாகி கொசுவா பறக்க நம்ம வெயிலுக்கு ஏழெட்டு பத்து நாள் ஆகும், அதுக்குள்ள ஒரு தடவை தேய்ச்சுட்டா கொசுவே வெளிய வராது. வீடு வீடா போய் ட்ரம்முக்குள்ள டார்ச் அடிச்சுப் பார்க்கிற டிபிசி பணியாளர்கள் தேடுறது இந்தப் புழுவைத்தான், அவங்க வந்தா கதவைத் திறங்கய்யா.

புகை மருந்து கதையும் இதேதான். புகை கொல்றது அந்த நேரத்துல பறந்துட்டு இருக்கற கொசுவை மட்டும். ஏடிஸ் கடிக்கிறது காலையில விடிஞ்ச பிறகு ஒரு ரெண்டு மணி நேரம், அப்புறம் சாயங்காலம் இருட்டறதுக்கு முன்னாடி, மத்த நேரம் கட்டிலுக்கு அடியில, தொங்கவிட்ட துணிக்குப் பின்னால உக்காந்திருக்கும். இருட்டுன பிறகு ஜன்னலை எல்லாம் மூடி வெச்ச தெருவுல வண்டி வந்து புகை அடிச்சா சாகறது சாக்கடைக் கொசு. போட்டோவுக்கு நல்லா இருக்கும், அவ்வளவுதான்.

இனிமே தான் நான் முக்கியமா சொல்ல வந்தது. ஒரு கொசு ஒரு ஆள்கிட்ட இருந்து இன்னொரு ஆளுக்கு நோயைக் கொண்டு போகணும்னா அது மனுசனை ஒரு தடவை இல்ல, ரெண்டு தடவை கடிக்கணும், முதல் கடியில நோயாளிகிட்ட இருந்து கிருமியை எடுக்கணும், அப்புறம் அது கொசு உடம்புக்குள்ள வளர்ந்து உமிழ்நீருக்கு வர டெங்குன்னா 8லிருந்து 12 நாள், மலேரியாவும் ஏறக்குறைய அதே மாதிரி, அதுவரைக்கும் கொசு உசுரோட இருந்து இன்னொரு மனுசனைக் கடிக்கணும். இப்ப கணக்கு போடுங்க. ஒரு வகைக் கொசு பத்துல ஒன்பது தடவை மனுசனைக் கடிக்குதுன்னு வெச்சுக்கங்க. ரெண்டு கடியும் மனுசன் மேலயே விழ வாய்ப்பு 9/10 பெருக்கல் 9/10, அதாவது நூத்துக்கு 81. இன்னொரு வகை பத்துல ஒரு தடவை தான் மனுசன்கிட்ட வருது, மீதி எல்லாம் மாட்டுக்கிட்ட. அதுக்கு 1/10 பெருக்கல் 1/10, நூத்துக்கு 1. மனுசன் மேல இருக்கற ஆசை 9 மடங்கு தான் வித்தியாசம், நோய் பரப்புற சக்தியில 81 மடங்கு. ஆப்பிரிக்காவுல அனாஃபிலிஸ் காம்பியே கொசு மலேரியாவுல அவ்வளவு கொடூரமா இருக்கறதுக்கு பெரிய காரணம் அது மனுசனை விட்டு நகராததுதான். நம்ம கிராமத்துல இருக்கற அனாஃபிலிஸ் க்யூலிசிஃபேசிஸ் மாட்டைத் தேடிப் போற ஜாதி, அது மலேரியாவைப் பரப்பணும்னா எண்ணிக்கையில ரொம்ப ரொம்ப பெருகணும். ஏடிஸ் எஜிப்தியோ மனுச ரத்தம் தவிர வேற எதையும் பெருசா தொடாது, அதுவும் ஒரே ஆள்கிட்ட வயிறு முட்டக் குடிக்காம, கையை ஆட்டுனா பறந்து போய் அடுத்த ஆளைக் கொஞ்சம் கடிச்சு, அப்புறம் இன்னொருத்தரைன்னு ஒரு ஈடு முட்டைக்கே பல பேரைக் கடிச்சிடும். ஒரே வீட்டுல அடுத்தடுத்து மூணு பேர் காய்ச்சல்ல படுக்கறது இதனாலதான்.

அப்படின்னா மாட்டை மட்டும் தேடுற கொசு ஆபத்தில்லையான்னு கேட்டா, அங்கதான் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வருது. இந்தியாவுல முதல்ல 1955ல வேலூர் பக்கம் கண்டுபிடிச்ச நோய், விழுப்புரம் கடலூர் பக்கம் உள்ளவங்களுக்கு நல்லாத் தெரியும். இதைப் பரப்புற க்யூலெக்ஸ் ட்ரைடேனியோரிங்கஸ் நெல்வயல் தண்ணில பிறக்குது, பெரும்பாலும் மாட்டைத்தான் கடிக்குது, மாட்டோட ரத்தத்துல இந்த வைரஸ் கொசுவுக்கு ஏறுற அளவு பெருகாது, அதனால மாட்டைக் கடிச்சா கதை அங்கயே முடிஞ்சிடும். ஆனா வயலுக்கு வர்ற கொக்கு நாரை மடையான், அப்புறம் ஊருக்குள்ள சுத்துற பன்னி, இதுங்க ரத்தத்துல வைரஸ் நல்லா பெருகும். வைரஸ் பறவைக்கும் பன்னிக்கும் நடுவுலயே சுத்திட்டு இருக்கு, இங்க கொசு மனுசனை ரெண்டு தடவை கடிக்க வேண்டியதில்ல, தவறிப்போய் ஒரே ஒரு தடவை கடிச்சாப் போதும். மனுசன் ரத்தத்துலயும் வைரஸ் ரொம்பக் கம்மி, அதனால ஒரு குழந்தைகிட்ட இருந்து இன்னொரு குழந்தைக்குப் போகாது. டெங்கு நேர்மாறு. காய்ச்சல் அடிக்கிற முதல் நாலஞ்சு நாள் நோயாளி ரத்தத்துல வைரஸ் நிறைய இருக்கும், அந்த நாள்ல அவரைப் பகல்லயே கொசுவலைக்குள்ள படுக்க வைக்கணும். எங்க ஊர்ல வலையை ராத்திரி கட்டிட்டு காலையில சுருட்டி வெச்சிடுவாங்க, டெங்குவுக்கு அது தலைகீழ்.

கடிக்கிற நேரத்தைப் பத்தி சொல்லணும்னா யானைக்கால் மாதிரி உதாரணம் கிடையாது. அந்த நோயைக் குடுக்கற, மனுசன் உடம்புல வாழற புழுவோட குட்டிகள் பகல் முழுக்க நுரையீரல் ரத்தக்குழாய்ல ஒளிஞ்சிருந்துட்டு ராத்திரி 10 மணிக்கு மேல 2 மணி வரைக்கும் தான் தோலுக்குக் கிட்ட உள்ள ரத்தத்துக்கு நிறைய வரும், ஏன்னா அதைச் சுமக்கிற சாக்கடைக் க்யூலெக்ஸ் கடிக்கிற நேரம் அது. நாங்க ராத்திரி ரத்தப் பரிசோதனைக்கு வீடு வீடா போய் தூங்குறவங்களை எழுப்பி விரல்ல குத்துனது அதுக்காகத்தான், வாங்காத திட்டு இல்ல. பகல்ல அதே ஆள்கிட்ட ரத்தம் எடுத்து ஸ்லைடுல வெச்சா ஒண்ணும் தெரியாது. இப்ப பகல்லயே பார்க்கிற ஸ்ட்ரிப் டெஸ்ட் வந்துடுச்சு, நல்லதாப் போச்சு. வேடிக்கை என்னன்னா, பசிபிக் கடல்ல சமோவா பக்கம் இதே யானைக்கால் புழு பகல்லதான் ரத்தத்துல அதிகமா இருக்கும், அங்க அதைப் பரப்புறது பகல்ல கடிக்கிற ஏடிஸ் இனம்! இன்னொண்ணு, ஒருத்தர் பகல்ல தூங்கி ராத்திரி முழிச்சிருக்கற பழக்கத்துக்கு மாறிட்டா கொஞ்ச நாள்ல புழுக்குட்டிகளோட நேரமும் மாறிடும், இதை 1880கள்லயே பார்த்துட்டாங்க.

பழக்கம் மட்டும் போதாதுன்னும் சொல்லிடறேன், இல்லாட்டி யாராவது கேள்வி கேப்பாங்க. சாக்கடைக் க்யூலெக்ஸும் மனுசனைக் கடிக்குது, அப்புறம் ஏன் டெங்கு பரப்பலன்னா, டெங்கு வைரஸ் அது உடம்புல சரியா வளராது. மலேரியாவுக்கும் அனாஃபிலிஸ் தவிர வேற கொசு ஒத்துவராது. மலேரியாவைக் கொசுதான் பரப்புதுன்னு கண்டுபிடிச்ச டாக்டர் ரொனால்ட் ராஸ் ரெண்டு வருசமா வேற கொசுக்களை மலேரியா நோயாளி மேல கடிக்க விட்டு அறுத்து அறுத்துப் பார்த்து ஒண்ணும் கிடைக்காம, 1897 ஆகஸ்ட்ல செகந்திராபாத்ல புள்ளிச் சிறகுள்ள ஒரு கொசு கிடைச்ச பிறகுதான் அதோட வயித்துச் சுவத்துல மலேரியாக் கிருமியைப் பார்த்தார். கொசு உள்ளுக்குள்ள ஒத்துக்கணும், அப்புறம்தான் தண்ணியும் நேரமும்.

ஆனா உள்ளுக்குள்ள ஒத்துக்கிட்ட கொசுவோட தண்ணிப் பழக்கம் மட்டும் வேறயா இருந்தா என்ன ஆகும்னு பார்க்கணும்னா அனாஃபிலிஸ் ஸ்டீஃபென்சியைப் பாருங்க. மலேரியான்னா காடு மலை கிராமம்னு நினைப்போம், இது சென்னையில கிணத்துலயும் மூடாத ஓவர்ஹெட் டேங்க்லயும் புழு விடுற கொசு, சென்னை மலேரியாவுக்கு மூலம் இதுதான். ஆப்பிரிக்காவுல காம்பியே கொசு வெயில் படுற குட்டை, மாட்டுக் குளம்புப் பள்ளம்னு தேடுறதால நகரங்கள் ஓரளவு தப்பிச்சிருந்துச்சு. 2012ல அதே ஆப்பிரிக்காவுல ஜிபூட்டிங்கற சின்ன நாட்டுல ஸ்டீஃபென்சி வந்து சேர்ந்துச்சு, அந்த வருசம் அங்க மலேரியா கேஸ் 27, 2020ல 73 ஆயிரத்துக்கு மேல. 2022ல எத்தியோப்பியாவுல டிரே டாவா நகரத்துல திடீர்னு மலேரியா பரவினதுக்கும் இதே டேங்க் கொசுதான் காரணம்னு கண்டுபிடிச்சாங்க. இலங்கை 2016 செப்டம்பர்ல மலேரியா இல்லாத நாடுன்னு உலக சுகாதார நிறுவனத்துகிட்ட சான்றிதழ் வாங்குச்சு, அதே டிசம்பர்ல மன்னார்ல கிணத்துக்குள்ள ஸ்டீஃபென்சி புழு கிடைச்சுது. அங்க கொசு இருக்கு, கிணறு இருக்கு, ரத்தத்துல கிருமியோட வந்து இறங்குற ஒரு ஆள் மட்டும்தான் பாக்கி, அதனாலதான் வெளிநாட்டுல இருந்து காய்ச்சலோட வர்றவங்களுக்கு மலேரியா ரத்தப் பரிசோதனை பண்றதை அவங்க இன்னமும் விடல.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சுகாதாரப் பணியாளர், விழுப்புரம்