ஆண்டறிக்கை: ஒரு டயரும் சில டிரம்களும்

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். தெருவிளக்கு, கழிவுநீர் அடைப்பு குறித்து நாம் கொடுத்த மனுக்களின் நகல் அலுவலக நோட்டில் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை நெருங்கிவிட்டதால், மீதி அறிக்கை முழுவதும் டெங்கு பற்றியதுதான். வார்டு சுகாதாரப் பணியாளர் வீடு வீடாக ஏறிப் பார்த்துச் சொன்னவை இவை.

இந்த ஆண்டு ஒரே மாடியில், ஒரே டயரில் மூன்று முறை கொசுப்புழு இருந்தது. தகர ஷீட் காற்றில் பறக்காமலிருக்க மேலே போட்ட ஆட்டோ டயர். வீட்டுக்காரரைக் குறை சொல்ல முடியாது, ஒவ்வொரு முறையும் தண்ணீரைக் கொட்டித்தான் வைத்திருக்கிறார். ஆனால் டயரைச் சாய்த்தால் தண்ணீர் முழுவதும் வெளியே வராது. உள்வளைவிலேயே சுற்றி மறுபக்கம் போய்த் தங்கிவிடும். ஒரு டம்ளர் மிஞ்சினாலே டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குப் போதும்.

முழுக்கக் கொட்டினாலும் முட்டை போகாது. ஏடிஸ் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான உட்சுவரில் முட்டையை ஒட்டிவைக்கிறது. மிளகுத்தூள் போலப் பொடியான கரும்புள்ளிகள். கறுப்பு டயரில் கண்ணுக்கே தெரியாது. காய்ந்து கிடந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. அடுத்த மழையில் தண்ணீர் ஏறித் தொட்டதும் பொரியும். பிறகு கொசுவாகப் பறக்க ஏழு முதல் பத்து நாள்.

அதனால் ஷீட்டின் மேல் டயர் வேண்டாம், மணல் மூட்டை வையுங்கள். டயர் வேண்டியே தீருமென்றால், தண்ணீர் தங்கும் அடிப்பகுதியில் விரல் நுழையும் அளவுக்கு மூன்று நான்கு துளை போடுங்கள். சிறு துளையைச் சருகு அடைத்துவிடும்.

குடமும் டிரம்மும் வேறு சிக்கல். லாரித் தண்ணீரை யாரும் கீழே கொட்ட மாட்டார்கள், கொட்டவும் வேண்டாம். வாரத்தில் ஒரு நாள், அடுத்த லாரி வருமுன், அடித்தண்ணீரைக் கழிவறைக்குப் பயன்படுத்திவிட்டு, உட்சுவரை நார் பிரஷும் சோப்பும் போட்டு அழுத்தித் தேயுங்கள். வழக்கமாகத் தண்ணீர் நிற்கும் கோட்டில்தான் முட்டை இருக்கும், அங்கே இன்னும் இரண்டு தேய்ப்பு. கழுவிக் கவிழ்த்துக் காயவிடுங்கள். மூடும் துணி தொய்ந்து தண்ணீரைத் தொட்டால் பயனில்லை, இழுத்துக் கட்டுங்கள். புழு இருக்கிறதா என்று பார்க்க டார்ச் அடித்து டிரம்மைத் தட்டுங்கள். நெளிந்து அடியில் இறங்கும். புழு இருந்தால் அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றாமல் வெயில்பட்ட காய்ந்த மண்ணில் ஊற்றுங்கள்.

புகை அடிக்கச் சொல்லிப் பலர் கேட்கிறீர்கள். புகை பறக்கிற கொசுவைத்தான் கொல்லும். டிரம்மில் இருக்கும் புழுவை அது தொடாது.

வரும் ஞாயிறு காலை பழைய டயர்களைச் சங்க வாசலுக்குக் கொண்டு வாருங்கள், துளை போட டிரில்லர் இருக்கும். மாடியைப் பூட்டி வைத்திருப்பவர்கள் சாவியை சனிக்கிழமையே கொடுத்துவிடவும்.

இப்படிக்கு,
செயலாளர்